ஐந்து ஸ்கிரீன்ஷாட், ஒரே பேச்சு: இரண்டு படத்திலும் வரும் வரிகளை ஒட்டும் முறை

நீளமான வாட்ஸ்அப் பேச்சைப் படம் பிடிப்பவர்கள் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று கொஞ்சம் முன்பிருந்தே அடுத்த படத்தை எடுப்பார்கள். அதனால் முதல் படத்தின் கடைசி சில வரிகள் இரண்டாம் படத்தின் தலையிலும் இருக்கும். பெரிய சினிமா போஸ்டர் பல தாள்களாக வரும்போது ஒரு தாளின் ஓரம் அடுத்த தாளின் மேல் ஏறும்படி ஒட்டுவார்களே, அந்த ஓரம் போலத்தான் இதுவும். இந்த ஓரத்தை நான் ஒட்டு என்று சொல்வது வழக்கம்.

படிப்பவருக்கு ஒட்டு பெரும்பாலும் தொல்லை தராது. கண்ணே தாண்டிப் போய்விடும். மொழிபெயர்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒரே வரி இரண்டு முறை மொழிபெயர்க்கப்பட்டால் இரண்டு முறையும் ஒரே சொற்கள் வராது. சொற்கள் மாறிவிட்டால், அது ஒரே வரி என்று தமிழில் படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. அவர் இரண்டு வெவ்வேறு செய்திகள் என்றே எடுத்துக்கொள்வார்.

பெங்களூரில் அல்சூரில் இருக்கிறேன். ஆங்கிலத்திலிருந்தும் கன்னடத்திலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் வேலை. எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு தம்பி வீடு காலி செய்தபோது நடந்ததை வைத்து இதைச் சொல்கிறேன். என்னிடம் வரும் ஸ்கிரீன்ஷாட் வேலைகளில் வழக்கமாக இருக்கும் எல்லாச் சிக்கலும் அந்த ஐந்து படங்களிலேயே இருந்தன.

வீட்டு வாடகை மாதம் 18,000. அட்வான்ஸ் 1,50,000. அந்தப் பணம் வாணியம்பாடியில் இருக்கும் தம்பியின் அப்பா கொடுத்தது. காலி செய்ததும் என்னென்ன பிடித்துக்கொண்டு மீதியைத் தருவேன் என்று வீட்டு உரிமையாளர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. பேச்சு இருந்த போன் தம்பியின் மனைவியுடையது, அது உடைந்துவிட்டது. உடைவதற்கு முன் அவர் எடுத்துத் தன் அண்ணனுக்கு அனுப்பிய ஐந்து படங்கள் மட்டும்தான் மிச்சம். போன் நன்றாக இருந்திருந்தால் நான் முதலில் கேட்டிருப்பது படத்தை அல்ல. வாட்ஸ்அப்பில் அந்தப் பேச்சின் மெனுவில் ‘Export chat’ என்று இருக்கிறது. அது முழுப் பேச்சையும் தேதி, நேரத்தோடு ஒரு எழுத்துக் கோப்பாகத் தந்துவிடும், ஒட்டு என்ற பேச்சே வராது. அந்த வசதி இல்லாதபோதுதான் இந்த வேலை.

அவசரத்தில் தம்பி முதல் இரண்டு படங்களைச் சித்தி மகனிடமும் மற்ற மூன்றை அலுவலக நண்பரிடமும் கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கி, சேர்த்து ஊருக்கு அனுப்பிவிட்டார். அப்பா பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு இடத்தில் ‘பெயிண்டிங் செலவு 18,000 பிடித்தம்’ என்று இருந்தது. அடுத்து ‘வீட்டுக்கு வண்ணம் பூசிய வகையில் ரூ. 18,000’ என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே ‘பெயிண்ட் அடிக்க 18,000’ என்று மூன்றாவதாக ஒன்று. மூன்றையும் கூட்டினால் 54,000. குளியலறைக் கதவும் குழாயும் 4,500, கரண்ட் பில் பாக்கி 1,860. எல்லாம் போக 89,640தான் வர வேண்டும். ஆனால் கடைசிப் படத்தில் உரிமையாளர் தருவதாகச் சொன்ன தொகை 1,25,640. அப்பா எனக்குப் போன் செய்தார். “ஏம்மா, ஒரே வீட்டுக்கு எத்தனை வாட்டி பெயிண்ட் அடிப்பாங்க? மொத்தத்துல ஒண்ணு சொல்றாரு, உள்ள வேற கணக்கு வெச்சிருக்காரு. பின்னாடி கழிச்சுக்கப் பாக்குறாரா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கையில் இருந்த தமிழ் அப்படித்தான் சொன்னது.

வித்தியாசம் 36,000. அது சரியாக இரண்டு 18,000. எண்கள் உள்ள பேச்சில் இது நல்ல தடயம். சொல்லப்பட்ட மொத்தத்துக்கும் நாம் கூட்டிய தொகைக்கும் உள்ள வித்தியாசம் ஏதாவது ஒரு இனத்தின் மடங்காக இருந்தால், அந்த இனம் இருக்கும் இடத்தில்தான் ஒட்டு சரியாக இல்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சரி, படங்களை முதலிலிருந்து எடுத்துக்கொண்டேன். முதல் வேலை வரிசை. வந்த கோப்புகள் IMG-20240812-WA0011.jpg என்று தொடங்கி WA0015 வரை இருந்தன. இந்த எண்ணை நம்பக் கூடாது. அதில் உள்ள தேதியும் எண்ணும் இந்தப் போனுக்கு வந்து சேர்ந்த கணக்கு. அனுப்பியவர் கேலரியில் எந்த வரிசையில் தொட்டாரோ அந்த வரிசையில் வந்திருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்த நேரம் முதலில் வைத்த கோப்புப் பெயரில் இருந்திருக்கலாம், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தப் பெயர் போய்விடுகிறது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் பெயரும் மாறாது, எழுத்தும் மங்காது. அதனால் யாரிடம் கேட்டாலும் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்கிறேன்.

படத்தின் உச்சியில் தெரியும் போன் கடிகாரம் கொஞ்சம் உதவும். மூன்று படங்களில் அது வெட்டப்படாமல் இருந்தது. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. வாட்ஸ்அப் பேச்சைத் திறந்தால் கடைசிச் செய்தியில்தான் நிற்கும். பலர் அங்கிருந்து மேல்நோக்கி நகர்த்திக்கொண்டே படம் எடுப்பார்கள். அப்போது முதலில் எடுத்த படம் பேச்சின் முடிவு, கடைசியாக எடுத்த படம் பேச்சின் தொடக்கம். இங்கேயும் அப்படித்தான். உச்சியில் 10:31 என்று காட்டிய இரண்டு படங்களில் பேச்சின் பின்பகுதி இருந்தது, 10:32 காட்டிய படத்தில் முன்பகுதி. கடிகாரம் எடுத்த வரிசையைத்தான் சொல்லும், பேசிய வரிசையைச் செய்திகளுக்குள் இருக்கும் நேரம்தான் சொல்லும். அதைப் பார்த்து ஐந்துக்கும் படம் 1, படம் 2 என்று பெயரிட்டேன். மூலப் படங்களை வெட்டாமல், எழுதாமல் தனியாக வைத்துவிட்டு நகல்களில்தான் வேலை.

செய்திப் பெட்டிக்குள் நேரம் மட்டும்தான் இருக்கும், தேதி இருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். படம் 3இல் இரவு 9:20க்கு ஒரு செய்தி இருந்தது. படம் 5இலும் இரவு 9:20க்கு ஒன்று இருந்தது. நடுவில் மிதக்கும் தேதிப் பட்டையைப் பார்த்தால் ஐந்தாவது மறுநாளுக்கு உரியது. அந்தப் பட்டையும் மேலே இருக்கும் பெயர்ப் பட்டையும் கீழே தட்டச்சு செய்யும் பெட்டியும் படத்துக்குப் படம் திரும்ப வரும். அவை ஒட்டு அல்ல, படியெடுக்கும்போது விட்டுவிட வேண்டும். தேதிப் பட்டை சில சமயம் ஒரு வரியின் மேலேயே உட்கார்ந்து எழுத்தை மறைக்கும். அப்போது அந்த வரியின் மற்றொரு நகல் ஒட்டில் இருந்தால் நல்லது, அங்கே அது மறையாமல் இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். ஒட்டை மூலமொழியிலேயே பிரித்துச் சேர்த்துவிட வேண்டும். தமிழாக்கிய பிறகு சேர்க்கப் பார்த்தால் முடியாது. காரணம் வாக்கிய அமைப்பு. படம் 1இன் அடியில் கடைசியாகத் தெரிந்த வரி ‘ஐ வில் ரிட்டர்ன் தி அட்வான்ஸ் அமௌன்ட்’ என்பது. அதோடு படம் முடிந்துவிட்டது. படம் 2இல் அதே வரி மறுபடி வந்து, அதன் கீழே ‘ஒன்லி ஆஃப்டர் தி பெயிண்டர் கிவ்ஸ் ஹிஸ் பில்’ என்று தொடர்ந்தது. படம் 1ஐ மட்டும் பார்த்து எழுதினால் ‘அட்வான்ஸ் தொகையைத் திருப்பித் தருகிறேன்’ என்று ஒரு வாக்குறுதி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ‘பெயிண்டர் பில் கொடுத்த பிறகுதான் அட்வான்ஸ் தொகையைத் திருப்பித் தருவேன்’ என்று ஒரு நிபந்தனை. ஆங்கிலத்தில் பின்னால் இருந்த வரி தமிழில் முன்னால் போய்விட்டது. இப்படி வரிகள் இடம் மாறிவிட்ட பிறகு படம் 1இன் தமிழையும் படம் 2இன் தமிழையும் பக்கத்தில் வைத்து எது எதோடு பொருந்தும் என்று தேடுவது வீண். ஆங்கிலத்திலோ இரண்டு வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அப்பாவிடம் போன முதல் தமிழில் வாக்குறுதியும் இருந்தது, அடுத்த வரியில் நிபந்தனையும் இருந்தது. உரிமையாளர் ஒரு மூச்சில் சம்மதித்துவிட்டு அடுத்த மூச்சில் மாற்றிப் பேசியதாக அவர் நினைத்தது இதனால்தான். அந்த மனிதர் எழுதியது ஒரே வாக்கியம். இதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இன்னொருவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதிவிடுவது சின்ன விஷயம் இல்லை. பணத் தகராறில் அதனால் உறவே கெடும்.

ஆக, ஒரு வரிகூடத் தமிழாக்காமல் ஐந்து படங்களையும் ஆங்கிலத்திலேயே படியெடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எந்தப் படம், எத்தனையாவது வரி என்று எண். படம் 2இன் மூன்றாவது வரி என்றால் 2-3. திரையில் வரி எங்கே உடைகிறதோ அங்கேயே நானும் உடைத்தேன். ஒரே போனில், ஒரே எழுத்தளவில் எடுத்த படங்களில் ஒரே செய்தி எப்போதும் ஒரே இடத்தில்தான் உடையும், அதனால் வரிக்கு வரி ஒப்பிடலாம். போனைக் கிடையாகத் திருப்பியோ வேறு போனிலோ ஒரு படம் எடுத்திருந்தால் உடையும் இடம் மாறிவிடும். அப்போது வரியை விட்டுவிட்டுச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட வேண்டும்.

கையால் தட்டச்சு செய்யச் சோம்பலாக இருந்தால் கூகுள் லென்ஸில் எழுத்தை எடுக்கலாம். ஆனால் பெட்டியின் மூலையில் இருக்கும் நேரம் வாக்கியத்தின் நடுவில் வந்து விழும், ஒரு நகலில் சரியாக வந்த பூஜ்ஜியம் மற்ற நகலில் ஆங்கில ‘ஓ’ எழுத்தாக வரும். ஒட்டின் இரண்டு நகலும் அப்போது வெவ்வேறாகத் தெரியும். தொகைகளைக் கண்ணால் ஒருமுறை சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

படியெடுத்த பிறகு ஒட்டைத் தேடும் முறை இது. முதல் படத்தின் கடைசி முழு வரியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை அடுத்த படத்தில் தேட வேண்டும். கிடைத்தால், அங்கிருந்து மேல்நோக்கி இரண்டிலும் ஒரே வேகத்தில் ஒவ்வொரு வரியாக ஏற வேண்டும். அடுத்த படத்தின் உச்சி வரும் வரை ஒரு வரிகூட மாறாமல் பொருந்தினால் அதுதான் ஒட்டு. முதல் படத்தின் வாலும் அடுத்த படத்தின் தலையும் இடைவெளி இல்லாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் சோதனை. நடுவில் எங்கோ ஒரு வரி மட்டும் ஒத்துப்போனால் அது ஒட்டு ஆகாது.

தேடுவதற்கு எடுக்கும் வரி தனித்தன்மையோடு இருக்க வேண்டும். தொகை, கணக்கு எண், எழுத்துப்பிழை உள்ள சொல், இவையெல்லாம் நல்ல பிடிமானம். ‘ஓகே சார்’, ‘யெஸ்’, கட்டைவிரல் படம் இவை பத்து இடத்தில் வரும். கடைசி வரி அப்படி இருந்தால் அதற்கு மேல் உள்ள வரியைப் பிடிக்க வேண்டும்.

படம் 1, 2 ஒட்டு எளிது. இரண்டிலும் 8:52க்கு வந்த ‘சென்ட் அக்கவுன்ட் நம்பர்’ என்ற செய்தியும், அதன் கீழே ‘ஐ வில் ரிட்டர்ன்’ என்று தொடங்கும் நீளச் செய்தியின் முதல் வரியும் இருந்தன. படம் 2இல் இருப்பது அறுபடாமல் தொடர்வதால் அதை வைத்துக்கொண்டு படம் 1இன் வால் பகுதியை அடித்துவிட்டேன். எந்த நகலை வைப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல், எதில் முழுதாக இருக்கிறது என்பதுதான். அடித்ததை அழிக்க மாட்டேன், கோடு போட்டு வைப்பேன். பின்னால் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க வேண்டுமே.

படம் 2, 3 ஒட்டுதான் அப்பாவைக் குழப்பியது. அந்த நீளச் செய்திப் பெட்டியின் நடுவிலேயே படம் 2 முடிந்திருந்தது. கடைசியாகத் தெரிந்தது பெயிண்டிங் 18,000 என்ற வரி. அதற்குக் கீழே குளியலறைக் கதவு வரியின் மேல்பாதி மட்டும் தெரிந்தது, எழுத்துகளின் தலை இருந்தது, கால் இல்லை. படம் 3 அதே பெட்டியின் நடுவிலிருந்து, பெயிண்டிங்குக்கு இரண்டு வரி மேலே தொடங்கியது. இங்கே நேரத்தைப் பார்த்து ஒட்டைக் கண்டுபிடிக்க முடியாது. நேரம் பெட்டியின் கீழ் வலது மூலையில் ஒரே ஒருமுறைதான் வரும். இந்தச் செய்தி 9:05க்கு வந்தது என்பது படம் 3இல் மட்டும்தான் தெரிந்தது, படம் 2இல் அந்தச் செய்திக்கு நேரமே இல்லை. தனித்தனியாக மொழிபெயர்த்த இருவருக்கும் அது இரண்டு செய்தியாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

இப்படிப் பெட்டிக்குள் விழும் ஒட்டில் வரி ஒப்பீடு போக இன்னொரு சோதனையும் செய்வேன். கணினியில் கூகுள் ஸ்லைட்ஸ் அல்லது லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ்ஸில் இரண்டு படங்களையும் ஒரே அகலத்தில் வைத்து, மேலே இருப்பதன் ஊடுருவு தன்மையைப் பாதியாக்கி, மெல்ல மேலும் கீழும் நகர்த்த வேண்டும். பொருந்தாத இடத்தில் எழுத்து இரட்டையாக, கலங்கலாகத் தெரியும். சரியான இடம் வந்ததும் எல்லா எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து கூர்மையாகும். மூன்று வரியும் ஒரே நேரத்தில் கூர்மையானால் ஐயமே இல்லை. ஒரு படத்தின் ஓரத்தை யாராவது வெட்டியிருந்தால் அகலம் ஒத்துவராது. அதைத் திரைக்கு உரிய அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்தச் சோதனை பலிக்கும்.

பெயிண்டிங் வரி படம் 2இலும் முழுதாக இருந்தது, படம் 3இலும் முழுதாக இருந்தது. ஒன்றை வைத்து ஒன்றை அடித்தேன். கதவு வரியைப் படம் 3இலிருந்து எடுத்தேன். பாதி எழுத்தைப் பார்த்து ஊகிப்பது கூடவே கூடாது, குறிப்பாக எண்களில். தலைப்பகுதி மட்டும் தெரிந்தால் 8, 9, 0 மூன்றுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அடுத்து, அடிக்கக் கூடாததை அடித்துவிடும் ஆபத்து. படம் 3இன் கீழ்ப்பகுதியில் மறுபடியும் ‘சென்ட் அக்கவுன்ட் நம்பர்’ இருந்தது. படம் 2இன் தலையில் பார்த்த அதே சொற்கள். ஆனால் அங்கே நேரம் 8:52, இங்கே 9:20. அங்கே முன்னால் இருந்தது வேறு செய்தி, இங்கே முன்னால் இருப்பது வேறு. உரிமையாளர் உண்மையாகவே இரண்டு முறை கேட்டிருக்கிறார். இது பேச்சின் பகுதி, இரண்டும் தமிழில் வர வேண்டும். அரை மணிக்குள் ஒருவர் கணக்கு எண்ணை இரண்டாவது தடவை கேட்கிறார் என்றால் பணம் போடத் தயாராக இருக்கிறார் என்று பொருள் கொள்ளலாம். அப்பாவுக்கு அது தெரிய வேண்டிய செய்தி. சொற்கள் ஒன்றாக இருப்பதைப் பார்த்து அடித்திருந்தால் அது போயிருக்கும். உண்மையான மறுசொல்லுக்கு நான் இரண்டு இடத்திலும் ஒரே தமிழைத்தான் எழுதுவேன். அவர் சொல்லை மாற்றாதபோது நாம் மாற்றினால், தொனியை மாற்றிக் கேட்டது போல் ஆகிவிடும்.

மூன்றாவது 18,000 படம் 4இல் இருந்தது. அது ஒட்டும் இல்லை, புதுச் செய்தியும் இல்லை. தம்பியின் மனைவி அந்த நீளச் செய்தியை இழுத்து, அதற்குப் பதிலாக ‘ஒரு மாத வாடகை அளவுக்குப் பெயிண்டிங்கா, அதிகம் சார்’ என்று கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் அப்படிப் பதில் சொன்னால் பழைய செய்தியின் ஒரு துண்டு, ஓரத்தில் வண்ணக் கோட்டோடு, பெட்டிக்குள் மேலே சின்னதாக ஒட்டிக்கொண்டு வரும். இதை அடிக்கக் கூடாது, எதற்குப் பதில் சொல்கிறார் என்பது போய்விடும். புதிதாக மொழிபெயர்க்கவும் கூடாது. ஏற்கெனவே எழுதிய தமிழ் வரியையே எடுத்து மேற்கோளுக்குள் வைத்து, ‘மேலே வரி 9ஐச் சுட்டி’ என்று எழுதினேன். தொகை இரண்டாவது முறையாகக் கண்ணில் பட்டாலும் அது பழையதுதான் என்று படிப்பவருக்கு அப்போது தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்தப் பேச்சில் வராவிட்டாலும். ஒட்டின் இரண்டு நகலும் எல்லா வகையிலும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. படம் எடுப்பதற்கு இடையில் சாம்பல் நிற டிக் நீலமாகியிருக்கலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் சொல்லே மாறியிருந்தால் நிற்க வேண்டும். 2023 முதல் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். திருத்தினால் நேரத்தின் பக்கத்தில் ‘Edited’ என்று வரும். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே படம் எடுத்திருந்தால் ஒரு படத்தில் பழையதும் அடுத்ததில் திருத்தியதும் சிக்கும். அப்போது இரண்டையும் வைத்துக்கொண்டு எது முந்தியது என்று குறிக்க வேண்டும்.

கடைசியாக, படம் 3க்கும் 4க்கும் நடுவே. படம் 3 ‘ஓகே சார்’ என்று முடிகிறது. படம் 4 ‘ஓகே சார்’ என்று தொடங்குகிறது. பார்த்தவுடன் ஒட்டு என்றுதான் தோன்றும், முதலில் தமிழாக்கிய அலுவலக நண்பர் ஒன்றை விட்டிருந்ததும் அதனால்தான். நேரம் வேறு சொன்னது. முதலாவது 9:26, இரண்டாவது 9:58. இவை இரண்டு ‘ஓகே சார்’. நடுவில் அரை மணி நேரம் எந்தப் படத்திலும் இல்லை. இரண்டாவது ‘ஓகே சார்’ யாரோ ஏதோ சொன்னதற்குப் பதிலாகத்தான் இருக்க வேண்டும், அந்த ஏதோ நம்மிடம் இல்லை. ஒட்டே இல்லாத இடத்தில் தொடர்ச்சி உண்டு என்று நாமாகச் சொல்லக் கூடாது. அங்கே ஒரு கோடு போட்டு இப்படி எழுதினேன்:

```
வரி 14  (படம் 3, 9:26)  சரிங்க சார்.
--- இடையில் செய்திகள் விடுபட்டிருக்கலாம்; படம் 3, 4க்கு இடையே பொது வரி இல்லை ---
வரி 15  (படம் 4, 9:58)  சரிங்க சார்.
```

ஆங்கிலத்தில் ஒட்டுகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் தமிழாக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு தமிழ் வரியின் ஓரத்திலும் எந்தப் படம், என்ன நேரம் என்று இருந்தது. யாராவது சரிபார்க்க நினைத்தால் நேராக அந்தப் படத்துக்குப் போகலாம். முடித்ததும் மறுபடி கூட்டிப் பார்த்தேன். 1,50,000இல் 18,000, 4,500, 1,860 போனால் 1,25,640. உரிமையாளர் சொன்ன மொத்தமும் அதுவே.

இடைவெளி மட்டும் மிச்சம். பேச்சுக்கு எப்போதும் இரண்டு முனை உண்டு, நம் பக்கப் போன் உடைந்தாலும் எதிர்ப்பக்கம் அப்படியே இருக்கும். “தம்பி, அவர்கிட்டயே கேளுங்க, 9:26லேருந்து 9:58 வரைக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க” என்றேன். உரிமையாளரும் மறுக்காமல் அனுப்பினார். அவர் போனில் எழுத்து பெரிது, வரிகள் வேறு இடத்தில் உடைந்திருந்தன. வண்ணமும் இடம் மாறியிருந்தது, அவர் எழுதியவை வலப்பக்கம். அதனால் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டேன். மேலே 9:26 ‘ஓகே சார்’, கீழே 9:58 ‘ஓகே சார்’, இரண்டு பக்கமும் ஒட்டு பிடித்தது. நடுவில் ஒரே ஒரு செய்தி, 9:57க்கு, பெயிண்டர் திங்கட்கிழமை பில் தருவார், வந்ததும் அனுப்புகிறேன் என்று.

அதற்காக வரி 15 முதல் எண்களை மாற்றவில்லை. முதல் பிரதி ஏற்கெனவே வாணியம்பாடிக்குப் போயிருந்தது, அப்பா அந்த எண்களை நோட்டில் எழுதி வைத்திருந்தார். புது வரிக்கு 14அ என்று எண் கொடுத்து, உரிமையாளர் போனிலிருந்து வந்தது என்று ஓரத்தில் குறித்து, அந்த ஒரு வரியை மட்டும் தனியாக அனுப்பிவைத்தேன். “பதினாலுக்குக் கீழ எழுதிக்கிட்டேம்மா, திங்கக்கிழமை பில் வந்ததும் அதையும் பாத்துச் சொல்லு” என்றார்.